பக்கத்து வீட்டு நித்திரைக் குளிசை: ஒரு சிறுகதையின் பின்னணி

கதை வெள்ளவத்தையில் நடக்கிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் மேனகா இருக்கிறாள். பிள்ளைக்கு ஏழு வாரம். பிரசவத்துக்கு யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டுக்குப் போய், முப்பத்தொன்று கழித்துக் கொழும்புக்குத் திரும்பியவள். கணவனுக்கு ஹோட்டலில் இரவு வேலை. பகலில் அவன் உறங்க வேண்டும் என்பதற்காக அவள் பிள்ளையின் அழுகையை அறைக் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறாள். இரவில் அவளும் பிள்ளையும் மட்டும். எதிர்க் கதவில் தனியாக இருக்கும் அன்ரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு மாலை அவளுடைய கண்களைப் பார்த்துவிட்டுச் சின்னக் கடதாசி உறை ஒன்றைக் கையில் வைக்கிறார். "அரைக் குளிசைதான் பிள்ளை. போட்டுவிட்டுப் படும். நான் எத்தனை வருஷமாகப் போடுகிறேன்."

அந்த இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை அந்த உறையோடு அவள் இருப்பதுதான் கதையின் பெரும்பகுதி. நான் இதை எழுதி நண்பர்களிடம் வாசிக்கக் கொடுத்தபோது பெரும்பாலானோர் கேட்டது ஒரே கேள்வி. ஓர் அரைக் குளிசையால் அப்படி என்ன நடந்துவிடும்? நான் மருந்தாளராக வேலை செய்கிறவள். நித்திரைக் குளிசை கேட்டு வரும் இளம் தாய்மாரை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பழகியிருக்கிறேன். கதைக்குள் விளக்கம் எழுத முடியாது, எழுதினால் கதை செத்துப்போகும். அதனால் அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே தருகிறேன்.

உறையிலிருந்தே தொடங்கலாம். நம் ஊரில் குளிசைகள் பெரும்பாலும் பெட்டியோடு வீட்டுக்கு வருவதில்லை. அட்டையிலிருந்து வெட்டியோ டப்பாவிலிருந்து எண்ணியோ சின்ன உறையில் போட்டு, மேலே பேனையால் எழுதித் தருவார்கள். மருந்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும், எழுதப்படாமலும் இருக்கும். பல மாதங்கள் கைப்பையில் கிடந்த உறையில் எஞ்சியிருப்பது "இரவில் ஒன்று" என்பது மட்டுமே. கதையில் மேனகா சமையலறை விளக்கில் உறையைத் திருப்பிப் பார்க்கும் இடத்தில் இதையே எழுதினேன். நடுவில் கோடு போட்ட சின்ன வட்டக் குளிசை, அதன் பாதி. நித்திரைக்கென்று கொடுக்கப்படும் குளிசைகள் ஒன்றல்ல. டயசிபாம், குளோனசிபாம், லோரசிபாம், சோல்பிடெம், அமிட்ரிப்டிலின் என்று பல உண்டு. ஒன்றில் சில மணி நேரத்தில் வேலை முடியும். இன்னொன்றில் நாட்கணக்கில் முடியாது. பாதியாக உடைத்த வெள்ளைக் குளிசையைப் பார்த்து இன்னதென்று நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கதைக்காக நான் மனதில் வைத்திருந்தது டயசிபாம், 5 மில்லிகிராம். அன்ரியின் வயதுக்காரர்கள் பலர் இதை இன்றும் வேலியம் என்ற பழைய வியாபாரப் பெயரால்தான் சொல்வார்கள். இதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இது விரைவாக மூளைக்குப் போய்விடும், உடலை விட்டு மெதுவாகப் போகும். போட்டு ஒரு மணி நேரத்தில் கண் சொருகும். ஆனால் உடலிலுள்ள மருந்தில் பாதி கழிய 20 முதல் 50 மணி நேரம் வரை எடுக்கும். கழியும்போது ஈரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருளும் நித்திரை தரக்கூடியது, அது இன்னும் நீண்ட நேரம் தங்கும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் அன்ரியின் "அரைதான்" என்ற சொல்லின் எடை தெரியும். பாதி கழிய 48 மணி நேரம் எடுக்கும் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் இரவு 2.5 மில்லிகிராம் போடுகிறாள். அடுத்த இரவு அடுத்த பாதியைப் போடும்போது முதல் பாதியில் ஏறக்குறைய 1.8 இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 4.3. மூன்றாம் இரவு 5.5. நான்காம் இரவு 6.4. ஏழாம் இரவு 7.8 ஆகிவிடும். அதாவது தினமும் அரைக் குளிசை போடுகிறேன் என்று நம்புகிறவளின் உடலில் ஒரு வார முடிவில் ஒன்றரைக் குளிசைக்கு மேல் இருக்கிறது. அந்த மற்றப் பொருளை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இனி வாசகர்களின் கேள்விக்கு வருகிறேன். ஓர் இரவு, ஓர் அரைக் குளிசை. வாசித்தவர்களில் பலர் தாய்ப்பாலை நினைத்தே பயந்தார்கள். மருந்து பாலில் போகும் என்பது உண்மைதான். ஆனால் நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கும் ஏழு வாரப் பிள்ளைக்கு, ஒரே ஒரு தடவை தாய் போட்ட சிறு அளவிலிருந்து பாலில் சேரும் சிறு பங்கு, வெளியே தெரியும் கெடுதி எதையும் பொதுவாகச் செய்வதில்லை. குறைமாதப் பிள்ளையென்றால் இப்படிச் சொல்ல மாட்டேன். தொடர்ந்து போட்டாலும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் ஈரல் இந்த மருந்தைக் கழிக்கத் தாயைவிட அதிக காலம் எடுக்கும். தாயின் உடலில் இரவுக்கிரவு ஏறும் அதே கணக்கு, சின்ன அளவில், பிள்ளையின் உடலிலும் ஏறும். அதன் அடையாளத்தைப் பிழையாகப் படிப்பதும் எளிது. "பிள்ளை இப்போது நல்லாக நித்திரை கொள்கிறான்" என்று வீட்டார் மகிழ்வார்கள். அவன் மார்பில் வாய் வைத்தவுடன் கண்ணை மூடுகிறான், உறிஞ்சுவது பலமிழக்கிறது, பால் குடிக்கும் நேரங்கள் தவறுகின்றன. இந்த வயதில் 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டியவன் ஐந்தாறு தடவையோடு நிற்கிறான். ஈரத்துணிகள் நாளைக்கு ஆறுக்குக் குறைகின்றன. வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை ஏற வேண்டிய எடை ஏறாமல் நிற்கிறது. நல்ல நித்திரையையும் மருந்து மயக்கத்தையும் தராசுதான் பிரித்துக் காட்டும்.

ஆனால் அந்த முதல் இரவின் ஆபத்து பாலில் இல்லை, படுக்கையில் இருக்கிறது. நம் வீடுகளில் தாயும் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே கட்டிலில்தான். அப்படிப் படுக்கும் தாய்மாரை இரவு முழுவதும் படம்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பாலூட்டும் தாய் பிள்ளையை நோக்கிப் பக்கவாட்டில் வளைந்து படுக்கிறாள், பிள்ளை அசைந்தால் முழுதாக விழிக்காமலேயே அசைந்து கொடுக்கிறாள், அடிக்கடி இலேசாக விழித்துத் திரும்பவும் உறங்குகிறாள். அவளுக்கு அது காலையில் நினைவிலும் இருக்காது. குளிசை மழுங்கடிப்பது இந்த இலேசான விழிப்பைத்தான். அழுகை காதில் விழாது என்பதோடு அது நிற்பதில்லை. தலையணை நகர்ந்ததும், தன் கை பிள்ளையின் முகத்தில் விழுந்ததும், பிள்ளை மெத்தை விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் சரிந்ததும் அவளுக்கு உறைக்காது. அதனால்தான் நித்திரை தரும் எந்த மருந்தும், மதுவும் எடுத்த எவரும் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது என்று உலகெங்கும் அழுத்திச் சொல்கிறார்கள். பால் கொடுத்தபடி கதிரையில், சோபாவில் உறங்கிப்போவது கட்டிலைவிட மோசம். பிள்ளை நழுவி மெத்தைப் பிளவில் முகம் புதைய அங்கே இடம் அதிகம்.

இதற்கு மேல் இன்னொன்று. மேனகாவுக்குச் சிசேரியன். வயிற்று நோவுக்குக் கொடுத்த குளிசைகளில் சில மீதமிருக்கின்றன. அதில் டிரமடோல் இருந்து, அதையும் அன்ரியின் குளிசையையும் ஒரே இரவில் போட்டால், இரண்டும் மூச்சைத் தாழ்த்தும் திசையில் சேர்ந்து இழுக்கும். தடிமனுக்கு வாங்கும் சாதாரண ஒவ்வாமைக் குளிசைகள்கூட மயக்கத்தைக் கூட்டும். அன்ரிக்கு மருந்து எழுதிய வைத்தியர் அன்ரி வேறென்ன மருந்துகள் எடுக்கிறார் என்று கேட்டுத்தான் எழுதியிருப்பார். மேனகாவை அவர் கண்டதே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், கதையில் எனக்கு முக்கியமாகப் பட்டது குளிசை அல்ல. நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குப் பிள்ளை பால் குடித்து உறங்கிவிடுகிறான். அறை அமைதி. கரையோரத் தண்டவாளத்திலும் ரயில் ஓடி நெடுநேரம் ஆகிவிட்டது. மேனகா படுக்கிறாள். நித்திரை வரவில்லை. ஒன்றரை, இரண்டு, இரண்டேகால். பிள்ளை மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள். எழும்பி எரிவாயு அடுப்பின் குமிழைப் பார்க்கிறாள். மீண்டும் மூக்கருகே விரல். மூன்று மணிக்குப் பிள்ளை விழிக்கும்போது அவள் ஒரு நிமிடமும் உறங்கவில்லை. கதையின் அச்சாணி இந்த இரண்டு மணி நேரம்தான். பலர் இதை வேகமாகக் கடந்து போனார்கள்.

பிள்ளை எழுப்புவதால் நித்திரை கெடுவது ஒன்று. பிள்ளை உறங்கியும் தாய்க்கு நித்திரை வராதது வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுத்த கண்வளையம், ஒரே எரிச்சல், ஒரே அழுகை. ஆனால் மருந்து மேசைக்கு வரும் தாயிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பிள்ளை உறங்கும்போது உங்களை விட்டால் உறங்குவீர்களா? "தலையணையில் தலை வைத்தால் போதும், விழுந்துவிடுவேன்" என்பவளுக்குத் தேவை குளிசை அல்ல, பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கை. பிறந்த பிள்ளையின் ஒரு நித்திரைச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம், பெரியவர்களுக்கு 90 நிமிடம். இரவு பகல் என்ற பிரிவு பிள்ளையின் உடலில் படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அவள் விழிப்பது இயல்பு. விழித்த கடனைக் குறைக்க ஒரே தொடர்ச்சியான நாலைந்து மணி நேரமும் பெரிதும் உதவும் என்பதை வீட்டார் அறிவதில்லை. எட்டு மணி நேரம் கொடுக்க முடியாது என்று எதையுமே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொருத்தி, "இல்லை, அப்போதும் வராது" என்பாள். அவளிடம் பேச்சை நிறுத்தக் கூடாது. எப்போதிலிருந்து? எதை நினைக்கிறீர்கள்? சாப்பிடப் பிடிக்கிறதா? பிள்ளையைத் தூக்கும்போது என்ன தோன்றுகிறது? பிரசவம் கழிந்து மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏழாம் வாரத்திலும் நீடிக்கும் சோர்வும் அச்சமும் அந்த வகை அல்ல. அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம், பதற்ற நோயாக இருக்கலாம். மேனகாவின் விரலும் அடுப்புக் குமிழும் அந்தப் பக்கத்தைக் காட்டுகின்றன. சிலருக்குத் தைரொயிட் சுரப்பி பிரசவத்துக்குப் பின் சில மாதங்கள் ஓமோனை மிகையாக வெளிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. அதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். நித்திரைக் குளிசை போட்டால் இவையெல்லாம் சில இரவுகளுக்கு மறைந்து நிற்கும். காரணம் உள்ளேயே வளரும்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. அரிது, ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். நித்திரையே இல்லாமல் களைப்பும் இல்லாமல் சுறுசுறுப்பாக இருப்பாள், தொடர்பில்லாமல் பேசுவாள், இல்லாததைக் காண்பாள், கேட்பாள், பிள்ளையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வரும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை இது. அந்த வீட்டில் தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது.

இதையெல்லாம் பார்க்க வேண்டியவர் யார்? நம் நாட்டில் அதற்கென்றே ஒருவர் இருக்கிறார்: குடும்பநல உத்தியோகத்தர், ஊரார் வாயில் மிட்வைஃப் மிஸ். பிரசவித்த தாயை முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வீடு தேடிவந்து பார்க்க வேண்டியவர். தாயின் மனநிலையை அறிய எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளும் இங்கே பயன்படுகிறது. 1987இல் வெளியான அது பத்துக் கேள்விகள் கொண்டது, கூடிய புள்ளி 30. அதன் ஏழாவது கேள்வி நித்திரையைப் பற்றியது. பிள்ளை எழுப்பியதா என்று அது கேட்பதில்லை. கவலையால் நித்திரை கெட்டதா என்று கேட்கிறது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பதிலை மட்டும் தனியாகப் பார்ப்பார்கள்.

மேனகாவை யாழ்ப்பாணத்திலிருந்து திரும்ப வைத்தது இதற்காகத்தான். அங்கே பதிவு, அங்கே மிட்வைஃப், அங்கே முதல் வருகைகள். கொழும்பில் அவள் புதிதாக வந்த ஒரு கதவு எண். கீழே காவலாளி, மேலே பூட்டிய இரும்புக் கதவு. இந்தப் பகுதியின் உத்தியோகத்தருக்கு அப்படி ஒரு தாய் இருப்பதே தெரியாது, பிள்ளையின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சிகிச்சை நிலையத்துக்கு அவளாகப் போகும்வரை. தாய்வீட்டில் பெற்றுக் கொழும்புக்குத் திரும்பும் நம் பெண்கள் பலர் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். அன்ரியின் கடதாசி உறை அந்த இடைவெளிக்குள்தான் வந்து சேர்கிறது. அன்ரியை நான் குறைசொல்லவில்லை. ஏழு வாரத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவர்.

மருந்தே கூடாது என்று நான் எழுதியதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. பாலூட்டும் தாய்க்கு வைத்தியர்கள் சில இரவுகளுக்கு நித்திரை மருந்து கொடுப்பதுண்டு. அப்போது விரைவில் கழியும் மருந்தைத் தெரிந்தெடுப்பார்கள், இத்தனை நாள் என்று எல்லை வைப்பார்கள், அந்த இரவுகளில் பிள்ளையைப் பார்க்க விழித்திருக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பார்கள். மனச்சோர்வுக்கென்றால் சேர்ட்ரலின் போன்ற மருந்து கொடுப்பார்கள். பாலில் அது மிகக் குறைவாகவே சேரும். குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரமாகும், சிலருக்கு அதற்கும் மேல். பால் மறக்கடிக்கத் தேவை வராது.

கதையின் கடைசிப் பகுதியில் விடிய நாலரைக்கு மேனகா கணவனுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். "நித்திரை வரவில்லை" என்கிறாள். "பிள்ளை அழுகிறானா?" என்று கேட்கிறான். "இல்லை. பிள்ளை நித்திரை. எனக்குத்தான் வரவில்லை" என்கிறாள். அவன் அதை விளங்கிக்கொண்டானா என்பதைக் கதை சொல்வதில்லை. ஆனால் அடுத்த நாள் அவர்கள் செய்வதை நான் கவனமாகவே எழுதினேன். வேலைக்குப் போகும்முன் மாலை ஐந்திலிருந்து ஒன்பதரை வரை பிள்ளை அவனிடம். அவள் பிழிந்து வைத்த பால் குளிர்சாதனப் பெட்டியில். அறை வெப்பம் 25 பாகை என்றால் பிழிந்த பால் நாலு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. கொழும்பு மாலைச் சூட்டில் அதை நம்பி வெளியே வைக்க முடியாது. பெட்டிக்குள் நாலு நாள் இருக்கலாம். அவளுடைய படுக்கை வேறு அறையில், கதவு மூடி. நாலரை மணி நேரம் அப்படிக் கிடைத்தும் இரண்டு மூன்று நாளில் நித்திரை வராவிட்டால், அதுவே வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. கதையில் அவளுக்கு முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். அதுவரை காத்திருக்க முடியாத இரவும் வரும். அப்போது அழைக்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

கடைசியாக ஒருவர் கேட்டார்: உறையைத் திருப்பிக் கொடுக்கும்போது அன்ரி ஏன் அதைச் சட்டென்று வாங்கிக்கொள்கிறார்? "வைத்திரும்" என்று ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாமே? அவரிடம் எண்ணித்தான் குளிசை இருக்கிறது. பாதியைக் கொடுத்த இரவு அவர் மீதிப் பாதியோடு படுத்திருக்கிறார். பல வருடம் இந்தக் குளிசையில் உறங்கியவர் அளவு குறைந்தால் முன்னைவிட மோசமாக விழித்திருப்பார், நடுக்கம் வரும், பதற்றம் கூடும். முழுவதையும் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நிறுத்த விரும்பினால் வைத்தியரோடு பேசி, இரண்டொரு வாரத்துக்கு ஒரு தடவை சிறிது சிறிதாகக் குறைத்து, பல மாதங்களில் நிறுத்த வேண்டும். அன்ரியிடம் அதை யாரும் சொன்னதில்லை. அவருடைய இரவுகளுக்கு ஒரு கதை இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.